பதினாலாம் நம்பர் கண்ணாடியும் ஒரு கண்ணும்

மட்டாஞ்சேரியில் மாரிச்செல்வத்துக்கு வேலை கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவார்கள். ஆள் வெல்டிங்கில் கெட்டி, வாய்தான் கொஞ்சம் நீளம். கப்பலண்டிமுக்கில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குப் பக்கத்தில் குடோன்காரர் ஒருவர் விட்டுவைத்த காலி மனை, இவ்வளவுதான் அவனுடைய ராஜ்ஜியம். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து இளவட்டமாக வந்து, பஜாரில் இஞ்சி மூட்டை தூக்கி, படகுப் பட்டறையில் எடுபிடியாக நின்று, கடைசியில் சொந்தமாக ஒரு வெல்டிங் மெஷின் போட்டவன். கேட், கிரில், ஏணி, படகுக்கு ஒட்டு எல்லாம் செய்வான். செய்த கேட்டை மாட்டி முடித்ததும் நாலடி பின்னால் போய் நின்று பார்ப்பான். அந்தப் பார்வையில் ஊரையே அவன்தான் கட்டினான் என்பது போல ஒரு மிதப்பு இருக்கும்.

அந்தப் பார்வை ஒற்றைக் கண் பார்வை. இடது கண்ணில் முன்பு ஒருமுறை கிரைண்டிங் பொடி தெறித்து ஏறிவிட்டது. அவன் அதைத் துடைத்துவிட்டு வேலையை முடித்தான், மறுநாளும் முடித்தான், அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நேரம் கடந்துவிட்டது. இப்போது அந்தக் கண்ணில் வெளிச்சம் தெரியும், ஒரு ஆள் நிற்பது தெரியும், நிற்பது ஆணா பெண்ணா என்று தெரியாது. அவன் பிழைப்பு முழுக்க வலது கண்ணில்தான் ஓடிக்கொண்டிருந்தது. யாராவது பரிதாபப்பட்டால், “ரெண்டு சிலிண்டர் வண்டியா இருந்தா பெட்ரோல் நிறைய குடிக்கும் சேட்டா, எனக்கு ஒண்ணு போதும், ஒண்ணு மதி” என்று சிரித்துக் கடத்திவிடுவான்.

ஆனால் அவன் மனைவி பாக்கியலக்ஷ்மி சிரிக்க மாட்டாள். இஞ்சி குடோனில் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. காலையில் அவன் கிளம்பும்போது சோறு எடுத்தானா என்று கேட்க மாட்டாள், கண்ணாடி எடுத்தானா என்றுதான் கேட்பாள். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே நடக்கிறது என்பது அவளுக்கு ஒருநாளும் மறந்ததில்லை.

மாரிச்செல்வத்துக்கு இன்னொரு பைத்தியம் உண்டு. போன். நல்ல கேமரா வைத்த போனாக ஒன்று வாங்கி, செய்கிற ஒவ்வொரு கேட்டையும் படம் பிடிப்பான். வெயில் எந்தப் பக்கம் விழுந்தால் இரும்பில் பளபளப்பு வரும், எங்கே நின்றால் கம்பி கோணாமல் தெரியும் என்று அவனுக்கு அத்துப்படி. வாட்ஸாப்பில் படம் பார்த்துத்தான் பாதி வேலை வந்தது. அதனால் போனைத் தூங்கும்போதுகூடத் தலைமாட்டில் துணி சுற்றி வைத்திருப்பான்.

அந்த வருடம் கிறிஸ்மஸுக்கு மறுநாள் சூரிய கிரகணம். வடக்கே காசர்கோட்டுப் பக்கம் வளையமாகத் தெரியும், கொச்சியில் பெரும்பகுதி மறைந்து பிறை மாதிரி நிற்கும் என்று டிவிக்காரர்கள் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டில் இந்தச் செய்தி வேறு மாதிரி விழுந்தது. மகள் ஜிஷா பிள்ளைப்பேற்றுக்காக வந்திருந்தாள். அவள் புருஷனுக்கு ஏலூரில் கம்பெனி வேலை. ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்து வந்திருந்தார்கள்.

“அன்னிக்குக் காலையில இருந்து நீ ரூமை விட்டு வெளியே வரக்கூடாது” என்றாள் பாக்கியலக்ஷ்மி. “கத்தியைத் தொடக்கூடாது. ஊசியைத் தொடக்கூடாது. ஜன்னலுக்கு நான் பெட்ஷீட் கட்டிருவேன். கிரகணம் விட்டப்புறம் குளிச்சிட்டுத்தான் சாப்பாடு.”

“அம்மா, அதொண்ணும் பிள்ளையை ஒண்ணும் செய்யாது. நேரா பாத்தா கண்ணுதான் போகும். அது கர்ப்பிணிக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்.”

“எல்லாரும் என் வீட்டுல இல்ல. நீதான் இருக்கே.”

ஜிஷா தோப்பும்படியில் ஒரு கண்ணாடிக் கடையில் கல்யாணத்துக்கு முன்பு வேலை பார்த்தவள். நம்பர் எழுதின சீட்டைப் பார்த்ததும் லென்ஸைக் கையில் எடுத்துத் தருகிற அளவுக்குப் பழகியிருந்தாள். அம்மாவோடு வாதாடிப் பலனில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஆசை அடங்கவில்லை. அப்பாவைப் பார்த்து, “அப்பா, எனக்காக ஒரு போட்டோ எடுத்துத் தாங்க. நல்லா. பிறை தெளிவா தெரியணும்” என்றாள்.

மகள் கேட்டு மாரிச்செல்வம் இல்லை என்று சொன்ன சரித்திரம் கிடையாது. “இதென்ன பெரிய காரியம்? தினமும் சூரியனைக் கையில பிடிச்சுத்தானே வேலை செய்றேன். வெல்டிங்குக்கு முகத்தை மறைக்கிற ஷீல்டுல இருக்கிற கண்ணாடியை போன் முன்னாடி வச்சா ஆச்சு.”

“அதைக் கொண்டு வாங்க பாப்போம்.”

அவன் கொண்டுவந்தான். கறுப்பாக, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியதாக, ஓரத்தில் பொறி தெறித்துத் தழும்பு விழுந்த கண்ணாடி. ஜிஷா மூலையில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தாள். பதினொன்று.

“இது போதாது அப்பா. பன்னிரண்டுக்குக் கீழே எதையும் வச்சு சூரியனைப் பார்க்கக் கூடாது. பதினாலாம் நம்பர் வாங்குங்க. புதுசா இருக்கணும், கீறல் இருக்கக் கூடாது.”

“பதினொண்ணுல நான் முப்பது வருஷம் ஓட்டியிருக்கேன்.”

“வெல்டிங்குக்கு அது சரியாணு. சூரியனுக்கு ஆகாது. கேட்டோ, பதினாலு இல்லாம நான் போட்டோ வேண்டாம்னு சொல்லிருவேன்.”

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். பஜாரில் வெங்கிடேஸ்வரன் ஹார்டுவேர் கடையில் பதினாலு இல்லை. “அதை வச்சு என்ன மாரி பாக்கப் போறே? அதுல ஒண்ணுமே தெரியாதே” என்றார் அவர். “ஒண்ணும் தெரியாததுதான் வேணும்” என்று சொல்லிவிட்டு இவன் எறணாகுளத்துக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, ஒன்று வாங்கி வந்தான். வீட்டில் ஜிஷா அதைக் கண்ணில் வைத்து டியூப் லைட்டைப் பார்த்தாள். டியூப் லைட் இருக்கிற சுவடே தெரியவில்லை. அப்போதுதான் தலையை ஆட்டினாள்.

பிறகு அவள் சொல்லச் சொல்ல அவன் கேட்டுக்கொண்டான். கண்ணாடியை போனின் லென்ஸ் மேல் வைத்து, ஓரத்தில் வெளிச்சம் புகாதபடி கறுப்பு டேப் ஒட்டிவிட வேண்டும். ஒட்டின பிறகுதான் போனைச் சூரியன் பக்கம் திருப்ப வேண்டும். ஜூம் பண்ணி வெறும் லென்ஸைச் சூரியனுக்குக் காட்டி வைத்திருந்தால் உள்ளே இருக்கிற சென்சார் வெந்து போகலாம். பிளாஷை அணைத்துவிட வேண்டும். ஸ்கிரீனில் சூரியன் தெரிந்ததும் அதன் மேல் விரலை அழுத்திப் பிடித்து போகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிறை தெரியாமல் வெள்ளைப் பூசணிதான் தெரியும். கை பட்டால் ஆடும், அதனால் ஸ்டாண்டில் வைத்து டைமர் போட்டு எடுக்க வேண்டும். நடுவில் போனைத் துணி போட்டு மூடி வைக்க வேண்டும், சூடு ஏறினால் தானாக அணைந்துவிடும்.

“கண்ணாடி போனுக்குத்தான் அப்பா. உங்க கண்ணுக்கு இல்ல. நீங்க ஸ்கிரீனை மட்டும்தான் பாக்கணும். போனைத் தாண்டி மேலே பாக்கவே கூடாது.”

“மேலே பாக்காம சூரியனை எப்படிப் பிடிக்கிறது? கண்ணாடி வச்சா ஸ்கிரீன் மொத்தமும் கறுப்பால்லே இருக்கும்?”

அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. ஸ்டாண்டில் போன் பார்க்கிற திசைக்கே நேராக ஒரு சின்னக் குச்சியை நிறுத்த வேண்டும். ஸ்டாண்டை அசைத்து அசைத்து, குச்சியின் நிழல் குறுகிக் குறுகி அதன் அடியிலேயே ஒடுங்கிவிட்டால், குச்சி சூரியனை நேராகப் பார்க்கிறது என்று அர்த்தம். குச்சி பார்த்தால் போனும் பார்க்கும். மனிதன் முதுகை வேண்டுமானாலும் காட்டிக்கொண்டு நிற்கலாம்.

இது மாரிச்செல்வத்துக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அன்றைக்கே பட்டறையில் மூன்று கால் வைத்து ஒரு ஸ்டாண்ட் அடித்தான். போனைப் பிடிக்க ஒரு கிளிப். அதற்குப் பக்கத்தில் ஒரு தகடு. தகட்டின் மேல் எரிந்து மிச்சமான வெல்டிங் ராடுத் துண்டு ஒன்றை மட்டம் வைத்து, நெட்டுக்குத்தாக ஒட்டினான். அதையும் போட்டோ எடுத்தான். ஒரு படம் எடுக்க இவ்வளவு செய்கிற ஆள் ஏமாறுவான் என்று யார் சொல்வார்கள்?

கிரகணத்தன்று பக்கத்துக் கோவில் நடை சாத்தியிருந்தது. தெருவில் கிறிஸ்மஸ் நட்சத்திரங்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. பாக்கியலக்ஷ்மி குடோனுக்கு லீவு போட்டுவிட்டு, ஜன்னலுக்கு ஒன்றல்ல இரண்டு பெட்ஷீட் கட்டி, மகளை உள்ளே வைத்து, அறை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். மாரிச்செல்வம் காலி மனையில் ஸ்டாண்டை நிறுத்தினான்.

முதலில் எல்லாம் சொன்னபடியே நடந்தது. ராடுத் துண்டின் நிழலைப் பார்த்துக்கொண்டே ஸ்டாண்டைத் திருப்பினான். நிழல் ஒடுங்கியது. குனிந்து ஸ்கிரீனைப் பார்த்தால், கும்மிருட்டுக்கு நடுவில் பச்சையாக ஒரு சூரியன், மேல்பக்கம் யாரோ கடித்த மாதிரி. விரலை அழுத்தினான், வெளிச்சத்தை இழுத்தான், டைமரைத் தட்டினான். படம் சுத்தமாக விழுந்தது. கத்தவேண்டும் போல இருந்தது அவனுக்கு. கத்தவும் செய்தான்.

அதுதான் வினையானது. சத்தம் கேட்டு ஆட்கள் வந்தார்கள். சாயாக்கடையிலிருந்து, குடோனிலிருந்து, சுமைதூக்குகிற ஆட்கள், கீழ்த் தெருப் பெண்கள் என்று ஸ்டாண்டைச் சுற்றி ஒரு கூட்டம். “மாரியண்ணா, ஒண்ணு காணிக்கு!” “நகரு நகரு, எனக்கும் பாக்கணும்.” யாரும் மேலே பார்க்காமல் ஸ்கிரீனைப் பார்க்க வந்தார்கள், அதுவரைக்கும் நல்லதுதான். ஆனால் அவர்களுடைய நிழலெல்லாம் தகட்டின் மேல் விழுந்தது. ராடுத் துண்டின் நிழல் அந்தக் கும்பலில் காணாமல் போனது.

ஜூம் பண்ணின ஸ்கிரீனில் சூரியன் நிற்காது. சற்று நேரத்தில் ஓரத்துக்கு நகர்ந்து வெளியே போய்விடும். மறுபடி பிடிக்க வேண்டும். “தள்ளி நில்லுங்கப்பா, நிழல் மறைக்குது” என்று ஒருதரம் சொன்னான். கூட்டம் ஒரு அடி நகர்ந்து இரண்டு அடி நெருங்கியது. பிறை மெலிந்துகொண்டே வந்தது. எந்த நேரமும் உச்சக்கட்டம் வந்துவிடும். ஜிஷா கேட்டது அந்தப் பிறையைத்தான்.

அந்த இடத்தில் மாரிச்செல்வத்தின் கை செய்ததை அவன் யோசித்துச் செய்யவில்லை. வெல்டிங்காரன் எப்படி வேலை செய்வான்? ராடின் நுனியை ஒட்ட வேண்டிய இடத்தில் வெறுங்கண்ணால் குறிபார்த்து வைப்பான். வைத்த பிறகு ஷீல்டை முகத்துக்கு நேரே கொண்டுவருவான். அதற்கப்புறம்தான் தட்டுவான், தீப் பிடிக்கும். குறி முதலில், கண்ணாடி பிறகு. முப்பது வருடம் ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை செய்த காரியம் அது. அவன் போனுக்கு மேலாகத் தலையை நீட்டி, வலது கண்ணால் ஒரு பார்வை பார்த்து, குறி வைத்து, தலையைக் கீழே இறக்கி ஸ்கிரீனுக்கு வந்தான். சூரியன் ஸ்கிரீனில் கச்சிதமாக நின்றது.

பட்டறையில் தீ அவன் தட்டினால்தான் பிடிக்கும். வானத்தில் அது ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. இந்தச் சின்ன வித்தியாசம் அவன் புத்திக்குத் தெரியாததல்ல, கழுத்துக்குத்தான் தெரியவில்லை.

பிறகு ஒவ்வொரு தடவை சூரியன் நழுவியபோதும் அதே போல ஒரு எட்டிப் பார்வை. முக்கால் பாகத்துக்கு மேல் மறைந்து வெயில் மங்கி, சாயங்கால வெளிச்சம் மாதிரி ஆகியிருந்ததால் கண் கூசவும் இல்லை. மிச்சமிருக்கிற கீற்று ஒன்றே எரிப்பதற்குப் போதும் என்பதை மங்கின வெளிச்சம் மறைத்துவிட்டது. ஒருதரம் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தான், குறி சட்டென்று அமையவில்லை என்பதற்காக.

படங்கள் பிரமாதமாக வந்தன. பச்சை நிறத்தில், நகம் வெட்டிப் போட்ட மாதிரி மெல்லிய பிறை. உடனே ஜிஷாவுக்கு அனுப்பினான். இருட்டு அறையில் அவள் போட்ட சத்தத்தில் பாக்கியலக்ஷ்மியே உள்ளே வந்து, பார்க்கலாமா கூடாதா என்று யோசித்து, அரைக்கண்ணால் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்றாள். ஜிஷா போன் போட்டாள்.

“அப்பா, அடிபொளி! நேரா பாக்கலையே?”

“இல்லே பாப்பா. பாக்கவே இல்லே.”

அவன் பொய் சொல்லவில்லை. அவன் கணக்கில் பார்ப்பது என்றால் நின்று பார்ப்பது. குறி வைப்பதை அவன் பார்ப்பதாக ஒருநாளும் நினைத்ததில்லை.

அன்று இரவு அவன் ஒன்றுக்காகக் காத்திருந்தான், யாரிடமும் சொல்லாமல். ஷீல்டு இல்லாமல் தீயைப் பார்த்துவிட்டால் வெல்டிங்காரனுக்கு ராத்திரியில் தெரியும். கண்ணுக்குள் மண்ணை வாரிப் போட்ட மாதிரி அறுக்கும், தண்ணீர் கொட்டும், உருளைக்கிழங்கை வெட்டிக் கண்மேல் வைத்துக்கொண்டு புரளுவான். ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். அந்த அறுப்பு வரவில்லை. கண் குளிர்ச்சியாக இருந்தது. அப்படியானால் ஒன்றும் ஆகவில்லை என்று முடிவு கட்டி நிம்மதியாகத் தூங்கினான்.

காலையில் எழுந்தபோது சுவரில் ஒரு கறை. அவன் தலையைத் திருப்பினான், கறையும் திரும்பியது. முகம் கழுவினான். பட்டறைக்குப் போய் ஒரு கிரில்லில் கை வைத்தால், ராடின் நுனி எங்கே இருக்க வேண்டுமோ சரியாக அங்கே கறை. ஷீல்டுக் கண்ணாடியைத் துடைத்தான். புதுக் கண்ணாடி மாற்றினான். ஒட்டு பாம்பு போன வழி மாதிரி நெளிந்து கிடந்தது. கிரில்லுக்குச் சொல்லியிருந்த வீட்டுக்காரர், “என்ன மாரி, சுகமில்லையா?” என்று கேட்டார். சரியாகத் தூங்கவில்லை என்றான். அவன் வாழ்க்கையில் ஒரு ஒட்டுக்குச் சாக்கு சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாருக்கும் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். ஜிஷா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் பெருவிரலால் ஸ்கிரீனைத் துடைத்தான், மறுபடி துடைத்தான், வேட்டி முனையால் அழுத்தித் துடைத்தான்.

“என்னத்தைத் துடைக்கிறீங்க?”

“இந்த அழுக்கு போக மாட்டேங்குது.”

ஸ்கிரீனில் அழுக்கே இல்லை. ஜிஷாவுக்கு முகம் வெளுத்துப்போனது. அவள் எழுந்து, ஒரு கையால் அவன் இடது கண்ணைப் பொத்தினாள். சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டி, “அந்த நடுவுல இருக்கிற தேதியைப் பாத்துச் சொல்லுங்க” என்றாள். அவன் அதற்கு மேலே இருந்த தேதியைச் சொன்னான், கீழே இருந்ததைச் சொன்னான், இரண்டு பக்கத்தையும் சொன்னான். நடுவில் இருந்ததை மட்டும் சொல்லவில்லை.

“அங்கே என்ன இருக்கு அப்பா?”

“ஒரு கறை” என்றான். “பிறை மாதிரி.”

எறணாகுளம் கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் கண்ணுக்குள் சொட்டு மருந்து விட்டு, ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி, கண்ணின் உள்ளே படம் எடுத்தார். கம்ப்யூட்டரில் அதைக் காட்டினார். விழித்திரையின் நடுமையத்தில், கூர்மையாகப் பார்ப்பதற்கென்றே இருக்கிற குண்டூசித் தலை அளவு இடத்தில், சின்னதாக ஒரு பொத்தல் மாதிரி. சூரியன் சுட்ட இடம் என்றார்.

“வலிக்கவே இல்லையே டாக்டர். வெல்டிங் தீ, அந்த ஆர்க், கண்ணுல அடிச்சா வலிக்கும். எனக்குத் தெரியும்.”

“ஆர்க் அடிக்கிறது கண்ணோட மேல்தோலில். அங்கே வலி தெரியும். இது உள்ளே. உள்ளே வலிக்கிற நரம்பே கிடையாது. வெந்தாலும் சொல்லாது.”

“மருந்து?”

“இதுக்கு மருந்து இல்லை. காத்திருக்கணும். கொஞ்சம் கொஞ்சமா பார்வை திரும்பும். சிலருக்கு முழுசாத் திரும்பும், சிலருக்குக் கறை மிச்சம் நிற்கும். மாசக் கணக்கு ஆகும். அதுவரைக்கும் வெல்டிங் வேண்டாம்.”

மாரிச்செல்வம் கன்னத்தில் வழிந்த சொட்டு மருந்தைத் துடைத்தான். பிறகு, வேறு என்ன கேட்பது என்று தெரியாதவன் போல, “போன் கேமராவுக்கு ஒண்ணும் ஆகலை டாக்டர்” என்றான். டாக்டரம்மா அவனை நிமிர்ந்து பார்த்தார்.

வீட்டில் அன்று நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. கிரகண தோஷம் கும்பிடாத ஆளைத்தான் பிடிக்கும் என்று பாக்கியலக்ஷ்மி தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு பெட்ஷீட் கட்டி மகளைக் காத்தேன், இந்த மனுஷனுக்கு யார் கட்டுவார்கள் என்று அழுதாள். ஜிஷா அழவில்லை, கோபப்பட்டாள். அப்பா மேல் பாதி, தன் மேல் பாதி. எல்லாம் யோசித்தவள் இதை யோசிக்கவில்லையே என்று. ஒரு பெரிய அட்டையில் ஓட்டை போட்டு அதில் போனைப் பொருத்தியிருந்தால் போதும், பின்னால் நிற்கிறவன் மூஞ்சி முழுக்க அட்டை நிழலில் இருந்திருக்கும், எட்டிப் பார்க்க நினைத்தாலும் முடிந்திருக்காது. “ஒரு அட்டை அப்பா. டிவி வந்த பெட்டி பரண் மேலேதான் கிடக்கு.” வாய் நீளம் என்று பெயரெடுத்தவன் அந்த வாரம் பேசின பேச்சை விரல் விட்டு எண்ணலாம். பயந்துபோயிருந்தான். ராத்திரியில் எழுந்து விளக்கைப் போட்டு, தன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு அணைப்பான். கையின் நடுவில் கறை இருக்கும்.

பட்டறையைத் தங்கதுரை என்ற பையன்தான் பார்த்துக்கொண்டான், முன்பு அவனிடமே தொழில் கற்றவன். மாரிச்செல்வம் பெயின்ட் அடித்தான், கம்பி வெட்ட அளவு சொன்னான், வந்தவர்களுக்குச் சாயா வாங்கிவந்து கொடுத்தான். நெளிந்த ஒட்டை விரலால் தடவிப் பார்த்துத் திட்டினான். போனைத் தொடவில்லை. அன்றைக்குக் கூட்டத்திலிருந்த ஒருத்தர் கிரகணப் படம் அனுப்பச் சொல்லிக் கேட்டபோது, “அழிச்சிட்டேன்” என்றான். அழிக்கவில்லை.

கறை மெள்ள மெள்ளச் சிறுத்தது. முதலில் ஒருத்தர் முகத்தில் பாதியைத் தின்றுகொண்டிருந்தது. பொங்கல் முடிந்து பார்க்கும்போது ஒரு மிளகு அளவுக்கு வந்திருந்தது. அதற்கு மேல் சிறுக்கவில்லை. பெரிய எழுத்து படிக்க முடிந்தது. பஸ் போர்டு படிக்க முடிந்தது. ராடின் நுனி மட்டும் கிடைக்கவில்லை. எதை உற்றுப் பார்க்கிறானோ அது மட்டும் இல்லாமல் போனது, அதைச் சுற்றி இருப்பதெல்லாம் இருந்தது. அப்போதுதான் அவன் ஒரு வித்தை கண்டுபிடித்தான். பார்க்க வேண்டியதை விட்டு, அதற்குக் கொஞ்சம் தள்ளிப் பார்க்க வேண்டும். அப்போது அது ஓரத்திலிருந்து வந்து சேரும், மங்கலாக.

மாசி மாதத்தில் ஜிஷாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். ஆஸ்பத்திரி வராந்தாவில் பாக்கியலக்ஷ்மி துணியில் சுற்றின குழந்தையைக் கொண்டுவந்து அவன் முன்னால் நீட்டினாள். “பாருங்க. உங்க மூக்கு.”

அவன் பார்த்தான். துணி தெரிந்தது. நெற்றியில் ஒட்டியிருந்த முடி தெரிந்தது. மடக்கிய விரல் தெரிந்தது. அத்தனை சின்ன முகம், மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் மிளகளவு கறை, அதில் மூக்கும் போய் வாயில் பாதியும் போனது. கண்ணைக் கொஞ்சம் நகர்த்தி, குழந்தையைத் தாண்டி பாக்கியலக்ஷ்மியின் தோளைப் பார்த்தான். அப்போது முகம் வந்தது. மூக்கு, வாய், மூடிய இமை, எல்லாம்.

“ஏங்க, பிள்ளை இங்க இருக்கு. அங்க என்ன பாக்குறீங்க?”

“அங்க பாத்தாத்தான் இங்க தெரியுது” என்றான்.

அவள் குழந்தையைத் தூக்கி, அவன் பார்க்கிற பக்கமாகத் தன் தோளுக்கு நேரே கொண்டுவந்தாள். முகம் மறைந்தது. அவன் கண்ணை இன்னும் கொஞ்சம் தள்ளி, சுவரைப் பார்த்தான். அவள் குழந்தையைச் சுவர்ப் பக்கம் நகர்த்தினாள். அவன் மறுபடியும் பார்வையை நகர்த்தினான். அதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்தது. குழந்தையை இருந்த இடத்திலேயே அசையாமல் பிடித்துக்கொண்டாள், அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.